தானாக முடிந்து நிற்கும் கேம்கள் எவை? விடிய விடிய இழுத்துப் போகாதவை வேண்டும்

கொட்டகலை_கஜன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். கடை மூடி வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் ஃப்ரீ ஃபயரைத் திறக்கிறேன். ஒரு மேட்ச் பத்து நிமிடம்தானே என்று ஆரம்பிப்பது, அம்மா மலைக்குப் போக எழும்பும் நேரம்வரை நீண்டுவிடுகிறது. மழை நாட்களில் சிக்னல் அறுந்து பாதி மேட்ச்சில் வெளியே விழுந்தால் ரேங்க் புள்ளி குறைகிறது, அதை மீட்டுவிட்டுப் படுக்கலாம் என்று இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று என்று போகிறது. கேம் விளையாடுவதையே அடியோடு நிறுத்த முயன்றபோது அது எனக்கு நிலைக்கவில்லை. ஆகவே ஆரம்பித்தால் ஓரிடத்தில் முடிந்துவிட்டது என்று தானே சொல்லி நிற்கும் கேம்கள் எவை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கையில் ஒரு சாதாரண அன்ட்ரொய்ட் போனும், அண்ணன் விட்டுப்போன 4 ஜிபி ரெம் கொண்ட பழைய லெப்டொப்பும் இருக்கின்றன. இணையம் இல்லாமல் ஓடினால் நல்லது. ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் பக்கம் பக்கமாக வந்தால் அலுத்துவிடும்.

தலவாக்கலை_விமல்

தம்பி, உங்களுக்கு Stardew Valley தான் பொருத்தம். துப்பாக்கியும் ரேங்க்கும் இல்லாத அமைதியான கேம் அது. தாத்தா விட்டுச்சென்ற நிலத்தில் பயிர் வைத்து, மீன் பிடித்து, ஊராருடன் பழகிக்கொண்டிருக்கலாம். இணையமும் தேவையில்லை, போனிலும் கிடைக்கிறது. சற்று மூளைக்கு வேலை வேண்டுமென்றால் Slay the Spire என்ற சீட்டு விளையாட்டைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு ஆட்டமும் வெற்றியிலோ தோல்வியிலோ கட்டாயம் முடிந்தே தீரும். போட்டி கேம்களை விட்டுவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

லிந்துலை_டீச்சர்

என் மகனுக்கும் இதே நிலைதான். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிறான், போனைப் பறித்தால் சாப்பிட மறுக்கிறான். கேமை எப்படி முடிவுக்குக் கொண்டுவருவது என்று நீங்கள் கேட்டதனால் எழுதுகிறேன்: போனின் அமைப்புகளில் Digital Wellbeing என்ற பகுதிக்குச் சென்று ஒவ்வொரு செயலிக்கும் நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்று வரையறுக்க முடியும், நேரம் முடிந்ததும் செயலி மூடிக்கொள்ளும். ஆனால் என் மகன் அதே இடத்துக்குச் சென்று அந்த வரையறையை நீக்கிவிடுகிறான். இதற்கு வேறு வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பண்டாரவளை_நிரோ

டீச்சர், கஜன் கேட்டிருப்பது கேமை மூடும் வழியை அல்ல, தானாக முடியும் கேமை. உங்கள் மகனின் விடயம் வேறு என்பதால் அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் சில வருடங்கள் கொழும்பில் கேம் சோதிக்கும் வேலை பார்த்தவள். விமல் அண்ணா சொன்ன இரண்டும் மிக நல்ல கேம்கள். இருந்தாலும் கஜனுக்கு அவற்றை நான் கொடுக்கமாட்டேன், ஏனெனில் ஒரு கேம் அமைதியானது என்பதும் அது நம்மை விடக்கூடியது என்பதும் இரண்டு வேறு சங்கதிகள்.

Stardew Valley-யின் ஒரு நாள் நம்முடைய கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம். கணினிப் பதிப்பில், கதாபாத்திரம் படுத்துத் தூங்கினால்தான் அன்றைய விளையாட்டு சேமிக்கப்படும், தூங்கிய மறுகணமே அடுத்த நாள் விடிந்துவிடும். அதாவது, நிறுத்துவதற்கு உரிய ஒரேயொரு இடத்தில் புதிய காலையைக் காட்டி வரவேற்கிறார்கள். அதற்குள் பயிர்கள் இருக்கின்றன. பார்ஸ்னிப் கிழங்கு 4 நாளில் விளையும், உருளைக்கிழங்கு 6 நாளில், கோலிபிளவர் 12 நாளில். வெவ்வேறு நாளில் நட்டிருப்பீர்கள் என்பதால், எந்த இரவில் நிறுத்த நினைத்தாலும் ஏதோ ஒன்று நாளைக்கே அறுவடைக்கு வருகிற நிலையில் இருக்கும். எல்லாக் கணக்கும் ஒரே நேரத்தில் தீர்கிற நாள் என்று ஒன்று அதில் ஏறக்குறைய வராது. இன்னொரு மேட்ச் என்று சொல்லும் ஒருவருக்கு இன்னொரு நாள் என்று சொல்லக் கற்றுக்கொள்ள வெகுநேரம் எடுக்காது.

Slay the Spire-ல் ஒவ்வொரு ஆட்டமும் முடிகிறது என்பது சரியே. ஆனால் ஃப்ரீ ஃபயர் மேட்ச்சும் பத்து நிமிடத்தில் முடியத்தான் செய்கிறது. ஒருமுறை வென்றவருக்குச் சிரமத்தைக் கூட்டிக் கூட்டி 20 படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் சீட்டுகள் வேறுமாதிரி வரும், ஆகவே தோல்வி எப்போதும் "சற்றுத் தவறிவிட்டது" என்றுதான் தோன்றும். ஆட்டம் முடிவதைப் பார்க்காமல், கேம் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் பார்ப்பது இதைத்தான். ஒரு கிழமை நான் திறக்காமல் இருந்தால் அந்தக் கேமுக்குள் எனக்கு ஏதாவது நட்டமாகுமா? தினசரிப் பரிசு, சீசன், தீர்ந்து மீண்டும் நிரம்பும் உயிர்கள் என்று ஏதாவது இருந்தால் நட்டமாகும், அந்தக் கேம் நான் இல்லாத நேரத்திலும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். Candy Crush-ல் ஐந்து உயிர்களும் தீர்ந்தால் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று திரும்பி வருவதை, நம்மை ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம்முடைய நாளுக்குள் அரை மணிக்கொரு மணி அடிக்கிறது.

நுவரெலியா_கரட்_தோட்டம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆறு நாளில் உருளைக்கிழங்கு விளைகிறதென்றால் அந்த விதைக்கிழங்கு எங்கே கிடைக்கும் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும். இங்கே நட்டுவிட்டு மூன்று மாதத்துக்கும் மேலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தலவாக்கலை_விமல்

நிரோ, நீங்கள் சொல்வதை நான் முழுவதாக ஏற்கவில்லை. Stardew Valley-க்கும் ஒரு முடிவு இருக்கிறது. மூன்றாம் வருடத்தின் ஆரம்பத்தில் தாத்தாவின் ஆவி வந்து, நாம் நிலத்தை எப்படி நடத்தினோம் என்று மதிப்பிடுகிறது. அதை முடிவாக வைத்துக்கொண்டு நிறுத்திவிடலாமே. நான் அப்படித்தான் நிறுத்தினேன்.

பண்டாரவளை_நிரோ

உங்களால் நிறுத்த முடிந்தது அண்ணா, அது உங்கள் முடிவு. கேமின் முடிவு அல்ல. தாத்தா வந்து போன பிறகும் அடுத்த நாள் வழமைபோலவே விடிகிறது. அந்த மதிப்பீடு வருவதற்கே ஐம்பது மணித்தியாலம் அளவில் போய்விடும். Civilization கேமில் உலகத்தையே வென்று முடித்த பிறகு, திரையில் இன்னும் ஒரு முறை ஆடலாமா என்று கேட்கும் ஒரு பொத்தானையே வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தாமல் எழும்பக்கூடியவருக்கு இந்த இழையே தேவைப்படாது. தனக்குத்தானே எல்லை வகுக்க முடியவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, எல்லையை ஏற்கெனவே உள்ளே கட்டிவைத்த கேமைத்தான் கொடுக்க வேண்டும்.

வட்டவளை_சிவா

எனக்கு இந்தப் பேச்சு முழுவதிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. நான் பப்ஜி விளையாடி ஒரு நல்ல வேலையை இழந்தவன். எனக்குப் பழக்கமாகியிருந்தது அந்தக் கேம் மட்டுமல்ல, விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் போனைத் தூக்குகிற அந்தச் செயலே பழக்கமாகியிருந்தது. கேமை அழித்ததும் காணொளி பார்த்தேன், அதை நிறுத்தியதும் செய்தி பார்த்தேன். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதில் கையும் நேரமும் மாறுவதில்லை. இறுதியில் பொத்தான் போன் ஒன்றை வாங்கிய பிறகுதான் நித்திரை வந்தது. கஜன் போன் கடையில் வேலை செய்வதால் அது அவருக்கு இயலாது என்பதும் விளங்குகிறது. ஆனாலும் முடிவுள்ள கேம் என்பது மருந்து என்று யாரும் நினைக்கக்கூடாது.

பண்டாரவளை_நிரோ

சிவா அண்ணா சொல்வதை நான் மறுக்கவில்லை, சிலருக்கு முழுதாக விடுவது ஒன்றே வழி. உலக சுகாதார அமைப்பு தன்னுடைய நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் கேம் விளையாட்டுக் கோளாறு என்பதைச் சேர்த்திருக்கிறது. அது பார்ப்பது எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறார் என்பதையல்ல, கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறதா, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கேம் போய்விட்டதா, பாதிப்பு வந்த பிறகும் தொடர்கிறதா என்பதைத்தான், அதுவும் பொதுவாக ஒரு வருட காலம் நீடித்தால். சாப்பாட்டை மறுக்கும் பிள்ளைக்கு எந்தக் கேம் நல்லது என்று நான் சொல்வது சரியாகாது டீச்சர். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள்.

கொட்டகலை_கஜன்

சிவா அண்ணா சொன்ன கட்டில் பழக்கம் எனக்கும் இருக்கிறது. ஆகவே இருட்டில் படுத்துக்கொண்டு விளையாடுவதில்லை என்ற ஒன்றை மட்டும் முதலில் வைத்துக்கொள்கிறேன். நிரோ அக்கா, எதை முதலில் ஆரம்பிக்கட்டும்? பெயரோடு சொல்லுங்கள்.

பண்டாரவளை_நிரோ

போனில் Monument Valley. 2014இல் வந்தது. ஐடா என்ற சிறிய இளவரசியை, கண்ணை ஏமாற்றும் கட்டடங்களின் வழியாக நடத்திச் செல்ல வேண்டும், ஒரு தூணைத் திருப்பினால் எட்டாத படிக்கட்டு எட்டிவிடும். புள்ளி இல்லை, நேரக் கணக்கு இல்லை, உயிர் போவதும் இல்லை, வாசிக்க வேண்டிய வசனமும் மிகக் குறைவு. பத்து அத்தியாயங்கள், மொத்தம் இரண்டு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். ஒருமுறை பணம் கொடுத்து இறக்கிவிட்டால் இணையம் இல்லாமல் ஓடும்.

அதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் அது குறுகியது என்பது மட்டுமல்ல. ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் காட்சி முழுதாக மூடிக்கொள்கிறது, அடுத்ததில் என்ன நடக்குமோ என்ற தூண்டில் எதையும் விட்டுவைக்காமல். எட்டு மணித்தியாலக் கதை கேம் ஒன்றுக்கும் தெளிவான முடிவு இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு கட்டமும் பாதிக் கதவோடு முடிந்தால் அந்த எட்டு மணித்தியாலத்தையும் ஒரே இரவில் குடித்துவிடுவீர்கள். கடைசியில் முடிவு இருந்தால் போதாது, நடுவிலும் இறங்கிக்கொள்ள நிறுத்தங்கள் இருக்க வேண்டும். ஓர் இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்து, கதிரையில் அமர்ந்து, வெளிச்சத்தில் விளையாடுங்கள். ஓர் அத்தியாயம் அவிழாமல் போனால் அப்படியே விட்டுவிடலாம், மறுநாளும் அந்தத் தூண் அதே இடத்தில்தான் நிற்கும்.

அதற்குப் பிறகு Florence. அரை மணித்தியாலம் அல்லது சற்றுக் கூட, வசனம் ஏறக்குறைய இல்லை, ஓர் இளம் பெண்ணின் காதல் கதை. அதை மட்டும் ஒரே அமர்வில் முடித்தாலும் பரவாயில்லை.

லெப்டொப்பில் A Short Hike. கிளேர் என்ற பறவைப் பெண், அத்தையோடு விடுமுறைக்கு வந்த இடத்தில் போன் சிக்னல் கிடைக்காமல், ஒரு முக்கியமான அழைப்புக்காக மலையுச்சிக்கு ஏறுகிறாள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதையை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. உச்சிக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: முடிவுக்குப் பிறகும் உள்ளே போய் மீன் பிடிக்கவும், விட்டுப்போன பொருட்களைச் சேர்க்கவும் இடமிருக்கிறது. எழுத்துகள் ஓடி முடிந்த அன்றே கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நீங்களாகவே தேடும்போது HowLongToBeat.com என்ற தளத்தில் கேமின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். "Main Story" என்பதற்குக் கீழே உள்ள நேரத்தையும் "Completionist" என்பதற்குக் கீழே உள்ளதையும் ஒப்பிடுங்கள். முதலாவது பத்துக்குள் இருந்து, இரண்டாவதும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தால் அந்தக் கேமில் முடித்த பிறகு செய்ய அதிகம் இல்லை. இரண்டாவது பல மடங்காக இருந்தால், முடிவுக்குப் பின்னால் பெரியதொரு சேகரிப்பு வேலை காத்திருக்கிறது.

லிந்துலை_டீச்சர்

பிளே ஸ்டோரில் பெயருக்குக் கீழே "In-app purchases" என்று எழுதியிருந்தால் அந்தக் கேமைத் தவிர்க்க வேண்டும் என்று எங்கள் கூட்டமொன்றில் சொன்னார்கள். அது சரியான வழிதானா?

பண்டாரவளை_நிரோ

முதல் வடிகட்டலுக்கு உதவும் டீச்சர், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. Monument Valley-யிலும் Forgotten Shores என்ற கூடுதல் பகுதி தனியாக விற்கப்பட்டது. அங்கே விற்பது எட்டு புதிய அத்தியாயங்கள், ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது. ஃப்ரீ ஃபயரில் விற்பது டயமண்ட், அது செலவாகிக் கரைந்து மறுபடி வாங்கவைப்பது. விற்கும் பொருள் ஒருமுறை வாங்கினால் போதுமானதா, கரைந்து மறுபடி வாங்கவைப்பதா என்று பாருங்கள்.

ஹப்புத்தளை_பெரியவர்

போனை வைத்துவிட்டுக் கேரம் பலகையை எடுங்கள் தம்பி. இருபத்தைந்து புள்ளி, அல்லது எட்டு போர்ட், அத்தோடு ஒரு கேம் முடிந்தது. சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

வட்டவளை_சிவா

ஐயா, எங்கள் லயத்துக் கேரம் பலகையில் எட்டு போர்ட்டோடு எழும்பியவரை நான் கண்டதில்லை. ஆனால் ஒன்று, பல்பு எரியும் மட்டும்தான் அது நடக்கும், எதிரில் இருப்பவருக்கும் காலையில் வேலை இருக்கும்.

கொட்டகலை_கஜன்

திரும்பி வந்து எழுதுகிறேன். Monument Valley முடிந்துவிட்டது. இரண்டு அத்தியாயம் என்ற கணக்கு பெரும்பாலும் நின்றது, கடைசிப் பகுதியில் மட்டும் ஒரே மூச்சில் போய்விட்டேன். அக்கா சொன்னபடி அது இழுக்கவில்லை. ஒரு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு பாதியில் விட்டுவிட்டுப் படுத்தபோது, எதையோ இழந்துவிட்டோம் என்ற பதைப்பு வரவில்லை.

இரண்டு விடயங்களில் மட்டும் எனக்குத் தெளிவு இல்லை. கேம் முடிந்த மறுநாள் இரவு, கையில் ஒன்றும் இல்லாத அந்த நேரத்தில், ஃப்ரீ ஃபயரை மீண்டும் இறக்கிவிட்டேன். அழித்திருந்தாலும் கணக்கு அப்படியே இருந்தது, ரேங்க்கும் உடுப்புகளும் போன இடத்தில் இருந்தன. மற்றது, எங்கள் ஸ்குவாட். எங்கள் தோட்டத்துப் பையன்கள் மூவர் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள், நாங்கள் பேசிக்கொள்வதே அந்த மேட்ச்சுக்குள்தான். தனியாக விளையாடும் கேம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர்களுடைய குரல் அதில் இல்லை.

தலவாக்கலை_விமல்

முதலாவதற்கு என்னிடம் வழி இருக்கிறது. ஒன்று முடிவதற்கு முன்பே அடுத்ததை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வெறுமையான இரவு வராது.

வட்டவளை_சிவா

அப்படியானால் அந்த வரிசையே முடிவில்லாத கேமாக மாறிவிடாதா? விலைக்கழிவு வரும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்து, விளையாடாமலே வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இப்போது கடையைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள்.

பண்டாரவளை_நிரோ

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டி இறக்கி வைப்பது, அதற்கு மேல் வாங்காதிருப்பது என்று நான் வைத்துக்கொள்வேன். ஆனால் முடிந்த மறுநாள் இரவை என்ன செய்வது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை. கணக்கு அப்படியே இருப்பதுதான் வலுவான கயிறு என்பதால், அழிப்பதை விட அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை நம்பிக்கையான ஒருவர் மாற்றி வைத்துக்கொள்வது கூடுதலாகப் பயன்படும்.

ஸ்குவாட் விடயத்தில், சேர்ந்து விளையாடி முடிக்கக்கூடிய கேம்கள் இருக்கின்றன. Portal 2-வில் இருவருக்கென்றே தனியாக ஒரு கதை உண்டு, அதற்குத் தெளிவான முடிவும் உண்டு, 2011இல் வந்தது என்பதால் பழைய லெப்டொப்பிலும் ஓட வாய்ப்பிருக்கிறது. ஆனால் அது இருவருக்கு மட்டும், நீங்கள் நால்வர்.

கொட்டகலை_கஜன்

அவர்கள் மூவரிடமும் போன் மட்டும்தான் இருக்கிறது அக்கா. கொழும்பில் ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள், லெப்டொப் வைக்க இடமும் இல்லை. இப்போதைக்கு ஞாயிறு இரவில் மட்டும் அவர்களுடன் மூன்று மேட்ச் என்று பேசியிருக்கிறோம், மூன்றாவது முடிந்ததும் கேமை மூடிவிட்டு வாட்ஸ்அப் அழைப்பில் கதைப்பது என்று. கடவுச்சொல்லைத் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை கேட்டால்கூடத் தரமாட்டேன் என்கிறாள். Forgotten Shores வாங்கலாமா?

பண்டாரவளை_நிரோ

வாங்கலாம் தம்பி. எட்டு அத்தியாயம், முதற் பகுதியை விடச் சற்றுக் கடினம். ஆனால் முதலில் Florence-ஐ முடியுங்கள், அதை ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கிறீர்கள்.